அவள் பெயரில் இன்னொரு விரல்

கவர் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. மேல் ஓரத்தைக் கத்தரியால் நேராக வெட்டி, இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்து மறுபடி மூடியிருந்தார்கள். அவள் பின்களை நகத்தால் நெம்பி எடுத்தாள். உள்ளே ஒரு சீட்டு. அதில் எட்டு எழுத்துகளில் ஒரு குறி. ஒருமுறை மட்டுமே செல்லும் என்று கீழே அச்சடித்திருந்தது. போனில் தன் ஊழியர் எண்ணை அடித்தாள். குறியை அடித்தாள். சிவப்பில் ஒரு வரி வந்தது. இந்தக் குறி ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது.

இன்னொரு தடவை அடித்தாள். அதே வரி.

"யாரு பிரிச்சது இத?"

ஆய்வகத்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. ரத்த மாதிரிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனையின் முதல் மாடி, திங்கள் காலை எட்டே கால்.

"உங்களத்தான் கேக்கறேன். என் பேர் போட்ட கவர யாரு பிரிச்சது?"

பக்கத்து மேசைக்காரன் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினான். கண்ணாடி தடிமனுக்காக அவனுக்குச் சோடா என்று பெயர். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளின் அப்பா, எந்தச் சண்டையிலும் நடுவில் நின்றதில்லை.

"எல்லாருதும் அப்படித்தான்க்கா இருக்கு. இன்சார்ஜ் சார் சனிக்கிழமையே முடிச்சுட்டாராம். நாம வரிசையில நிக்க வேணாம்னு."

"என்னத்த முடிச்சுட்டார்?"

"பாஸ்வேர்டுக்குப் பதிலா வந்திருக்கற பாஸ்கீய. எல்லாருக்கும் அவர் போன்லயே போட்டுட்டாராம்."

அவளுக்கு இங்கே பொட்டாசியம் என்று பெயர். அந்த உலோகம் தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்பது ஆய்வகத்துப் பழைய வேடிக்கை. பெயர் வைத்தது போன வருடம், மெமோ வாங்கிய வாரத்தில். முதலில் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவள் தடுக்கவில்லை. தடுத்தால் இன்னும் ஒட்டிக்கொள்ளும் என்று தெரியும்.

பத்தொன்பது வருடங்கள் இதே அறை. வந்த புதிதில் நுண்ணோக்கியில் கண் வைத்து ரத்த அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். இயந்திரங்கள் வந்தபோது அவற்றின் கோளாறுகளைப் பெற்ற பிள்ளையின் பிடிவாதங்கள் போலத் தெரிந்துகொண்டாள். குழாயைக் கையில் எடுத்துச் சாய்த்தாலே மாதிரி சரியாக எடுக்கப்பட்டதா, ஊசியில் அணுக்கள் உடைந்து கெட்டதா என்று சொல்லிவிடுவாள். உடைந்த அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து இயந்திரத்தில் பொய்யாக அதிகம் காட்டும். போன வருடம் அப்படி ஒரு மாதிரி வந்தது. சீட்டில் "கெட்ட மாதிரி, மறுபடி எடுக்கவும்" என்று எழுதி வைத்துவிட்டு, மகளுடைய பள்ளியில் கூப்பிட்டார்கள் என்று ஒன்று ஐம்பதுக்கு அனுமதி வாங்கிக் கிளம்பினாள். இரண்டு இருபத்தைந்துக்கு அந்தப் பரிசோதனை முடிவு, எந்தக் குறிப்பும் இல்லாமல், அவள் பெயரில் வார்டுக்குப் போனது. அப்போது அவள் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நோயாளிக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். வார்டு சிஸ்டர் சந்தேகப்பட்டு இன்னொரு மாதிரி அனுப்பியதால் அந்த ஆள் பிழைத்தார்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க ஐடி. உங்க பாஸ்வேர்டு. அப்போ உங்க பொறுப்பு."

"நான் பஸ்ல இருந்தேன் சார். வருகைப் பதிவுல பாருங்க."

"அப்போ பாஸ்வேர்ட யாருக்கோ குடுத்திருக்கீங்க. அதுவும் தப்புதான்."

கொடுத்திருந்தாள். எல்லோரும் கொடுத்திருந்தார்கள். இன்சார்ஜின் இழுப்பறையில் பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர், பெயருக்குக் கீழே பாஸ்வேர்டு. மாற்றினால் பழையதைச் சிவப்பு மையால் அடித்துப் புதியதை எழுதச் சொல்வார். "அவசரத்துக்கு வேணும்மா." அதை அவர் எழுத்தில் உத்தரவாகக் கொடுத்ததில்லை. நோட்டைப் பற்றி விசாரணையில் சொன்னாள். இன்சார்ஜ் அப்படி ஒரு நோட்டே இல்லை என்றார். சோடா உட்பட ஐந்து பேரைக் கேட்டார்கள். ஐந்து பேரும் பார்த்ததில்லை என்றார்கள்.

மெமோவின் கடைசி வரி அவளுக்கு மனப்பாடம். மீண்டும் நிகழ்ந்தால் முடிவு வெளியிடும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு மாதிரி பெறும் கவுண்டருக்கு மாற்றப்படுவார். மூன்று தடவை மேல்முறையீடு எழுதினாள். பதில் வரவில்லை.

அதனால்தான் பாஸ்கீ அறிவிப்பை ஆய்வகத்தில் முழுக்கப் படித்தவள் அவள் ஒருத்திதான். விடுப்புப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். திங்கள் காலை எட்டு முதல் பாஸ்வேர்டு செல்லாது. ஒவ்வொருவரும் தம் சொந்த போனில் ஒருமுறை பாஸ்கீ பதிந்துகொள்ள வேண்டும். கணினியில் நுழையும்போது திரையில் ஒரு புள்ளிச் சதுரம் வரும். அதைப் போன் கேமராவால் பிடித்து, போனைத் திறக்கும் விரலையோ முகத்தையோ பின் எண்ணையோ கொடுத்தால் போதும். போனிலும் கணினியிலும் புளூடூத் இயங்க வேண்டும். போன் கணினிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். விரல் ரேகை போனை விட்டு வெளியே போகாது. ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குக் கணினியில் செருகும் சிறு கருவி தரப்படும். உதவிக்குத் தரைத்தளம், ஏழாம் எண் அறை, காலை ஏழரை முதல் மாலை ஆறு வரை, உள்ளிணைப்பு 214. அடையாள அட்டையுடன் நேரில் வரவும். உதவி மையத்தார் எவரும் உங்கள் குறியைப் போனில் கேட்கமாட்டார்கள்.

சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. ஒப்பிக்கப் பாஸ்வேர்டும் இல்லை. நோட்டில் எழுத ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை அந்த அறிவிப்பின் முன்னால் நின்றபோது சிரிப்பு வந்தது. கடைசிக்கு முந்திய வரியில் "குறி அடங்கிய கவர் துறைப் பொறுப்பாளர் மூலம் வழங்கப்படும்" என்று இருந்தது. அதன் அர்த்தத்தை மட்டும் அவள் யோசிக்காமல் தாண்டிப் போயிருந்தாள்.

இன்சார்ஜ் ஒன்பது மணிக்கு வந்தார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். தலைக்குச் சாயம். யாரையும் அதட்டியதில்லை. அதட்டாமலேயே எல்லாம் நடந்தது.

"சார், என் கவர நீங்க பிரிச்சீங்களா?"

"ஆமாம்மா. ஏன்?"

"ஏன்னு என்னையே கேக்கறீங்களா?"

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா? அம்பது பேர் அங்க கீழ வரிசையில நிக்கறாங்க. நம்ம ஆளுங்க ஜம்முனு உக்காந்திருக்கீங்க. அதுக்கு ஒரு நன்றி சொல்லுவீங்கன்னு பாத்தா." போனை எடுத்துக் காட்டினார். பதினோரு பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் மேலே அவருடைய பெயர். நான்காவதாக அவளுடையது. "யாருக்கு வேணுமோ வாங்க, விரல் வைக்கறேன், உள்ள போங்க. ஒரு நிமிஷ வேலை."

"அது என் சொந்த போன்ல இருக்கணும்னு போட்டிருக்கு."

"போட்டிருப்பான். அவனுக்கென்ன, ஏசி ரூம்ல உக்காந்து எழுதறான். நாளைக்கு நீ லீவு, உன் முடிவு தேங்கி நிக்குது, நான் என்ன உன் வீட்டுக்கு வந்து உன் விரல வெட்டிட்டு வரவா?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நான் லீவுன்னா இன்னொருத்தர் அவங்க பேர்ல விடட்டும். அதுக்குத்தான சார் பதினோரு பேர் இருக்கோம்."

"சரி சரி. வேலையப் பாரு."

ஒன்பது இருபதுக்கு நான்காம் வார்டு மாதிரியின் முடிவு இயந்திரத்தில் வந்தது. பொட்டாசியம் 6.9. இதயம் நின்றுபோகக்கூடிய அளவு. அவள் குழாயை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். மேலே நின்ற திரவம் தெளிவான மஞ்சள். சிவப்பு கலக்கவில்லை; அணுக்கள் உடையவில்லை. மறுபடி ஓடவிட்டாள். 6.8. உண்மைதான். வெளியிட வேண்டும். அவள் கணினியில் புள்ளிச் சதுரம் தோன்றி, திறப்பவருக்காகக் காத்திருந்தது.

இன்சார்ஜ் பின்னாலிருந்து போனை நீட்டினார். "நகரு. நான் விட்டுடறேன்."

அவள் திரையின் மேல் உள்ளங்கையை வைத்து அந்தச் சதுரத்தை மூடினாள்.

"கைய எடும்மா."

"எடுக்க மாட்டேன்."

"உனக்குப் பைத்தியமா? நோயாளி சாகட்டுமா?"

"அவர் சாக மாட்டார்." இன்னொரு கையால் தொலைபேசியை எடுத்துத் தோளில் இடுக்கினாள். நான்காம் வார்டின் எண்ணை அழுத்தினாள். "சிஸ்டர், லேப்ல இருந்து. ஆபத்தான முடிவு, எழுதிக்கோங்க. பன்னெண்டாம் படுக்கை, ஆஸ்பத்திரி எண் நாலு ஏழு ஒண்ணு ஒம்போது. பொட்டாசியம் ஆறு புள்ளி ஒம்போது. மாதிரி நல்லாருக்கு, ரெண்டு தடவ ஓட்டினேன். திருப்பிச் சொல்லுங்க." சிஸ்டர் திருப்பிச் சொன்னாள். "சரி. உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க." அவசர முடிவுப் பதிவேட்டைச் சோடா பக்கம் தள்ளினாள். "எழுது. ஒம்போது இருபத்திநாலு. யார்கிட்ட சொன்னேன், என்ன சொன்னேன், அவங்க திருப்பிச் சொன்னது. இதுக்காவது கை நடுங்காம எழுது."

சோடா எழுதினான். பேனாவை வாங்கி அவள் இடக்கையால் கையெழுத்துப் போட்டாள். வலக்கை திரையிலேயே இருந்தது.

"இப்போ கம்ப்யூட்டர்ல விடணும்ல?" என்றார் இன்சார்ஜ். அவர் குரல் தணிந்திருந்தது.

"விடுங்க. உங்க பேர்ல விடுங்க. லிஸ்ட்ல உங்க பேர்தான மொதல்ல இருக்கு?"

கையை எடுத்தாள்.

அவர் போனைச் சதுரத்துக்கு நேரே பிடித்தார். பதினோரு பெயர்களும் வந்தன. கட்டைவிரல் அவருடைய பெயருக்கு மேல் நின்றது. அவள் அந்த விரலையே பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு முடிவின் கீழேயும் அவர் பெயரைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த விரல் பட்டியலில் கீழே இறங்கியது. அவளுடைய பெயரைத் தாண்டி ஏழாவது பெயரில் அழுத்தியது. சோடாவின் பெயர். ரேகை வைத்தார். கணினி திறந்தது. முடிவு போய்விட்டது. அதன் கீழே சோடாவின் பெயர் விழுந்தது.

"அவ்வளவுதான். இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அவள் சோடாவைப் பார்த்தாள். "பாத்தியா?"

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"உன் பேருடா. உன் கண்ணு முன்னால, உன் பேர்ல. நீ அந்தக் குழாயக் கையால தொட்டியா?"

"சரியான முடிவுதானக்கா. நீங்களே பாத்தீங்களே."

"இன்னிக்குச் சரி."

"அவர் நல்லதுக்குத்தான்..."

"வாய மூடு. போன வருஷம் நோட்டப் பாத்ததில்லன்னு சொன்ன வாயில இனிமே என்கிட்ட எதுவும் பேசாத."

சோடா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். அவள் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டாள். "ஏழாம் நம்பர் ரூமுக்குப் போறேன். யார் கேட்டாலும் சொல்லு. உண்மையச் சொல்லு, ஒரு மாறுதலுக்கு."

ஏழாம் எண் அறைக்கு வெளியே வரிசை படிக்கட்டு வரை இருந்தது. அவளுக்கு முன்னால் நின்ற சமையலறைக்காரர் தன் போன் பெண்டாட்டியின் கையில் போய்விட்டது, அதனால் பாஸ்கீயும் அவளிடம்தானே என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. முக்கால் மணி நேரம் நின்றாள். நிற்க நிற்கக் கோபம் ஆறவில்லை, ஒழுங்குபட்டது.

உள்ளே உதவி மையத்துக்காரர் கழுத்தில் கைக்குட்டை போட்டிருந்தார். காலையிலிருந்து தண்ணீர் குடித்த மாதிரி தெரியவில்லை. அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டார்.

"சொல்லுங்க மேடம். கேமரா பிடிக்கலையா? புளூடூத்தா?"

"என் பேர்ல வேற ஒருத்தர் பாஸ்கீ போட்டுட்டார். எடுக்கணும்."

அவர் திரையைப் பார்த்தார். "ஒண்ணு இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் நாலு பன்னெண்டு. உங்களோடது இல்லையா?"

"சனிக்கிழமை நான் வேலைக்கே வரல."

அவர் இன்னும் சில விசைகளைத் தட்டினார். நெடுநேரம் பார்த்தார். "உங்க டிபார்ட்மென்ட்ல சனிக்கிழமை சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே சுறுசுறுப்பு போல. பதினெட்டு நிமிஷத்துல..." என்றவர் நிறுத்திக்கொண்டார். "மத்தவங்க கணக்க நான் உங்களுக்குச் சொல்லக்கூடாது."

"சொல்ல வேணாம். கவர இன்சார்ஜ்கிட்ட குடுத்தது யாரு? நேர்ல வாங்கன்னு எழுதிட்டு, கவர அவர் கையில குடுக்கறது என்ன புத்தி? கேக்கறவன் கேனயனா?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன் மேடம்." அவர் கைக்குட்டையைக் கழற்றி மேசையில் எறிந்தார். "மூணு தடவ சொன்னேன். ஒவ்வொருத்தரா அட்டையப் பாத்துக் குடுக்கலாம்னேன். வரிசை நீளும், பாக்க அசிங்கமா இருக்கும்னாங்க. இப்போ வெளிய பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு."

முதல் தடவையாக யாரோ தன் பக்கம் நின்று கோபப்படுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் கோபம் குறையவில்லை.

அவர் பழைய பாஸ்கீயை நீக்கினார். "இனி அவர் போன்ல உங்க பேர் தெரியும். அவரே அழிக்கற வரைக்கும் லிஸ்ட்ல இருக்கும். ஆனா அத அழுத்தினா திறக்காது."

"நீக்கிட்டா அவர் போட்டதுக்கு அத்தாட்சி போயிடுமா?"

"போகாது. எப்போ, எங்கேயிருந்துன்னு பதிவுல நிக்கும். புகாரா எழுதறேன். எண் தர்றேன், வெச்சுக்கோங்க." எழுதிக் கொடுத்தார். புதுக் குறியையும் கொடுத்தார். அவள் போனில் பதியும்போது அவர் கேட்டார்: "இந்த போன்ல வேற யாரோட விரல் இருக்கு?"

"என் பொண்ணு. அப்புறம் வீட்டுக்காரர்."

"அப்போ அவங்க ரெண்டு பேரும் உங்க பேர்ல முடிவு விடலாம் மேடம். பக்கத்துல வந்து நின்னாப் போதும்."

"அத ஏன் அறிவிப்புல போடல?"

"போட்டேன். ஒரு பக்கத்துக்குள்ள முடிக்கச் சொல்லி எடுத்துட்டாங்க."

அங்கேயே நின்று இரண்டு ரேகைகளையும் அழித்தாள். மகளுக்குத் தெரியும் என்பதால் பின் எண்ணையும் மாற்றினாள். இன்சார்ஜைத் திட்டியதில் பாதியைத் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் மகள் கத்தினாள். "என்னம்மா, என் விரல் வேலை செய்யல! படம் அனுப்பணும், திற."

"இனிமே உன் போன்ல எடு."

"என்னமோ ரகசியம் இருக்கற மாதிரி. அப்பா, பாத்தீங்களா இவங்கள?"

லிஃப்ட் பழுது பார்க்கும் கணவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "என் விரலும் போச்சா? இருபத்திரண்டு வருஷம் ஆச்சு கட்டிக்கிட்டு. எந்த ஆஸ்பத்திரியில நான் கையெழுத்துப் போடப் போறேன்?"

"நீங்க போட மாட்டீங்க. ஆனா போட முடியும்ல? அதான்."

"எங்க மேல இருக்கற கோவமா இது?"

"இல்ல" என்றாள். சொன்ன வேகத்தில் கையிலிருந்த தட்டு சமையல் மேடையில் மோதியது. மகள் தன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் செவ்வாய். எட்டு மணிக்கு அவள் தன் போனால் கணினிக்குள் நுழைந்தாள். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. திங்கள் காலை ஒன்பது நாற்பது முதல் பத்து ஐம்பது வரை அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டுச் சென்றதற்கு விளக்கம் தரவும். இன்சார்ஜ் கையெழுத்திட்டிருந்தார். தன் பெயரில்.

அவள் பதில் எழுதினாள். அறிவிப்பில் கூறியபடி உதவி மையத்துக்கு நேரில் சென்றேன். என் குறி வேறொருவரால் பயன்படுத்தப்பட்டிருந்தது. புகார் எண் இது. அவசர முடிவை வார்டுக்குத் தெரிவித்த பதிவேட்டுப் பக்கத்தின் நகல் இணைப்பு. ஒரு பிரதியை இன்சார்ஜிடமும் ஒன்றை நிர்வாக அலுவலரிடமும் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினாள்.

பத்தரைக்கு அறிவிப்புப் பலகையில் புதுத் தாள் ஒட்டினார்கள். குறி இனி ஏழாம் எண் அறையில் அட்டையைக் காட்டுபவரிடம் மட்டுமே தரப்படும். பிறர் போனில் பாஸ்கீ இருப்பவர்கள் வந்து மாற்றிக்கொள்ளவும்.

சோடா பதினொன்றுக்கு வெளியே போய் ஐம்பது நிமிடம் கழித்து வந்தான். தன் போனைத் தன் கணினிக்கு நேரே பிடித்தான். மாலைக்குள் இன்னும் இரண்டு பேர் போய் வந்தார்கள். மற்ற ஆறு பேர் போகவில்லை.

இரண்டு மணிக்கு அவள் சாப்பிடப் போயிருந்தபோது இன்சார்ஜ் அவள் கணினிக்கு நேரே தன் போனைப் பிடித்து அவள் பெயரை அழுத்திப் பார்த்தார். திறக்கவில்லை. போன் பழுது என்றார். மாதிரி பெறும் கவுண்டரில் இருந்த பெண்தான் இதை அவளிடம் சொன்னாள்.

பழைய மெமோ பற்றி ஒன்றும் வரவில்லை. விளக்கக் கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

அன்று அவள் பெயரில் எண்பத்தாறு முடிவுகள் போயின. ஐந்து மணிக்குக் கிளம்பும் முன் பட்டியலை எடுத்து, குழாய் எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். எண்பத்தாறும் அவள் விட்டவை. பேருந்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. போன வருடம் போலவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; போன் பையில் இருந்தது.